தொலைபேசியில் முடிந்த திருத்தம்

1981 ஜூலை 17 மாலை, அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஓட்டல் கூடத்தில் தொங்கிய இரண்டு நடைபாலங்கள் இடிந்து விழுந்தன. 114 பேர் இறந்தார்கள்.

முதல் வரைபடத்தில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே கம்பி நான்காம் மாடிப் பாலத்தையும் அதன் கீழுள்ள இரண்டாம் மாடிப் பாலத்தையும் தாங்கியது. வேலைக்கு வசதியாக அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். கீழ்ப்பாலம் இப்போது மேல்பாலத்திலிருந்து தொங்கியது. மேல்பாலத்து நட்டின் மீது சுமை இரட்டிப்பானது. தொலைபேசியில் ஒப்புதல் கேட்டு வாங்கியதாகத் தயாரிப்பாளர் தரப்பு சொன்னது. அப்படி அழைப்பே வரவில்லை என்றது பொறியாளர் தரப்பு. வரைபடத்தில் பொறியாளர் முத்திரை இருந்தது.

வடிவமைப்பு ஆய்வுக் கூட்டக் குறிப்பில் இது இப்படிப் பதிவாகியிருக்க வேண்டும்: "திருத்தம் 1: ஒரு கம்பி இரண்டாகிறது. நிலுவை: நட்டு இணைப்பின் சுமைக் கணக்கு. பொறுப்பு: கட்டமைப்புப் பொறியாளர். கணக்கைச் சரிபார்த்த பிறகே ஒப்புதல். அதுவரை பட்டறையில் வேலை தொடங்கக் கூடாது." அந்தக் கணக்கைப் போட்டிருந்தால், முதல் வடிவமைப்பே நகரக் கட்டட விதியை எட்டவில்லை என்பதும் தெரிந்திருக்கும்.

"பரிசீலிக்கப்படும்" என்று மட்டும் எழுதினால் நிலுவை அப்படியே கிடக்கும். யார், எந்தத் தேதிக்குள், எந்த ஆவணத்தைக் காட்டி முடிப்பார் என்று குறிக்க வேண்டும். ஒப்புதல் கையெழுத்தும் திருத்த எண்ணோடு கட்டுப்பட்டது: திருத்தம் 1-க்கு இட்டது திருத்தம் 2-க்குச் செல்லாது.