தரவுப் பொறியாளரின் பேச்சாளர் குறிப்பு

தொழில்நுட்ப மாநாடுகளின் நிகழ்ச்சி நிரலில் உரையின் தலைப்புக்குக் கீழே அச்சாவதும், பேச்சாளர் மேடையேறும் முன் அமர்வை நடத்துபவர் உரக்கப் படிப்பதுமான சிறு பத்தியே பேச்சாளர் குறிப்பு. 2009இல் பெங்களூரில் தொடங்கிய பைகான் இந்தியா போன்ற மாநாடுகளுக்கு விண்ணப்பிக்கும் பொறியாளர்கள் இதைத் தாமே, ஆனால் தம்மைப் படர்க்கையில் வைத்து எழுதுவது வழக்கம் என்பதால், அடக்கமும் தற்பெருமையும் ஒரே பத்தியில் மோதிக்கொள்வதைப் பல குறிப்புகளில் காணலாம்.

பல இடங்களில் பிறக்கும் தரவைத் திரட்டி, பிழை களைந்து, கணக்கிடுவோர் கையாளும் கிடங்குக்குக் கொண்டுசேர்க்கும் வழியை அமைத்துக் காப்பவர் தரவுப் பொறியாளர். இத்தொழிலில் இடைநிலையில் இருப்பவர் முழு அமைப்பையும் வடிவமைத்தவரல்லர். அதன் ஒரு பகுதிக்குப் பொறுப்பானவர். அந்தப் பகுதி எது என்பதைச் சொல்லாமல் காஃப்கா, ஸ்பார்க், ஏர்ஃப்ளோ என்று கருவிகளின் பெயர்களை அடுக்கும் குறிப்பு, பெயரை மட்டும் மாற்றினால் அதே துறையின் வேறு எவருக்கும் பொருந்திவிடும்.

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு, கர்நாடக எல்லைகளுக்கு அருகே உள்ள ராமகுப்பத்தைச் சேர்ந்த ஒருவர், பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு, பால் சேகரிப்பு மையங்களின் பதிவுகளைப் பற்றிப் பேசவிருக்கிறார் என எடுத்துக்கொள்ளலாம். மையத்தின் கருவி அனுப்பிய பதிவு கிடங்கில் சேர்ந்த பிறகும், சேர்ந்ததற்கான மறுமொழி இணையத் தடங்கலால் திரும்பி வராவிட்டால், கருவி அதையே மீண்டும் அனுப்புகிறது. அதனால் ஒரே பாலுக்கு இருமுறை பணம் கணக்கிடப்படுகிறது. உறுப்பினர் எண், மையம், தேதி, காலை அல்லது மாலை வேளை ஆகியவற்றை இணைத்து ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாளம் அமைத்து, அதே அடையாளத்துடன் மீண்டும் வருவதைப் பழையதன் மேலேயே எழுதினால் இரட்டிப்பு நின்றுவிடும். ஆயினும் ஒருவர் ஒரே வேளையில் இரண்டு கேன்களாகப் பால் ஊற்றினால் முதல் கேனின் பதிவு அழிந்துபோகும் என்பதால், எடை போடும் கணத்திலேயே கருவி தரும் ரசீது எண்ணை மையத்துடனும் தேதியுடனும் இணைத்து அடையாளமாகக் கொள்வதே பாதுகாப்பானது.

இவருக்குரிய குறிப்பு பின்வருமாறு அமையலாம்: “இவர் பெங்களூரில் தரவுப் பொறியாளராக ஐந்து ஆண்டுகளாகப் பணியாற்றுகிறார். பால் சேகரிப்பு மையங்களின் பதிவுகள் இரட்டிக்காமல் கிடங்கில் சேரும் பகுதியை எழுதியவர். அது நள்ளிரவில் பழுதானால் எழுப்பப்படுபவரும் இவரே. சொந்த ஊர் ராமகுப்பம்.” படித்து முடிக்க அரை நிமிடமும் ஆகாது.

இதில் ‘எழுதியவர்’ என்ற சொல் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்விடத்தில் ‘முழுத் திட்டத்துக்கும் தலைமை தாங்கியவர்’ என்றிருந்தால், கிடங்கின் செலவையும் கருவிகளின் தேர்வையும் பற்றி அவையிலிருந்து கேள்விகள் எழும்; அவற்றை முடிவுசெய்தவர் வேறொருவராகையால் பேச்சாளர் திணற நேரும். எழுதியவர் என்று சொன்னாலோ, இரண்டு கேன் சிக்கலைப் பற்றி அவையில் ஒருவர் கட்டாயம் கேட்பார். அதற்கு இவரிடம் விடை இருக்கிறது. மையங்களின் எண்ணிக்கை, நாள்தோறும் சேரும் பதிவுகளின் அளவு போன்றவை குறிப்புக்கு எடுப்பைத் தருமெனினும், அவை நிறுவனத்தின் உள் தகவல்களாதலால் எழுத்துவழி அனுமதி பெற்ற பின்னரே சேர்க்கத்தக்கவை.