கையில் ஒரு லட்சம் வர எவ்வளவு கேட்க வேண்டும்?

மாதம் ஒரு லட்சம் கைக்கு வரவேண்டும் என்று கணக்குப் போட்டு, ஆண்டுக்கு 12 லட்சம் பேக்கேஜ் கேட்டு வாங்குபவருக்கு வங்கியில் வந்து விழுவது சுமார் 85,000 ரூபாய்தான். இத்தனைக்கும் அதில் வருமான வரியாக ஒரு ரூபாய்கூடப் பிடிக்கப்படுவதில்லை. மீதி எங்கே போகிறது?

பேக்கேஜ் அல்லது சி.டி.சி. என்பது நமக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 100 ரூபாயிலும் 50 ரூபாய் அடிப்படை. நிறுவனம் கட்டும் பி.எஃப். அதில் 12 சதவீதம், அதாவது 6 ரூபாய். கிராஜுவிட்டிக்கு அடிப்படையில் 4.81 சதவீதம் ஒதுக்குவார்கள். அது 2 ரூபாய் 40 காசு. இவை இரண்டும் போக மிச்சமுள்ள 91.60தான் சம்பளச் சீட்டில் ஏறும் மொத்தச் சம்பளம். அதிலிருந்து நம் பங்கு பி.எஃப். இன்னொரு 6 ரூபாய் போனால், வரிக்கு முன் நிற்பது 85.60.

இந்தக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். ஆண்டுக்குக் கையில் 12 லட்சம். தொழில் வரிக்கு அதிகபட்சம் 2,500. இரண்டையும் கூட்டி 0.856-ஆல் வகுத்தால் சுமார் 14.05 லட்சம். வரி இல்லையென்றால் விடை இதுதான். ஆனால் அந்தப் பேக்கேஜில் மொத்தச் சம்பளம் 12.87 லட்சம் ஆகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில், நிலையான கழிவு 75,000 போக 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. அதாவது 12.75 லட்சம் மொத்தச் சம்பளம் வரை தப்பிக்கலாம். அதைத் தாண்டியதும் 60,000 ரூபாய் வரி திடீரென்று தலையில் விழக்கூடாது என்பதற்காக ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள்: எல்லையைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாண்டிய ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரியாகப் போய்விடும், அதன்மேல் 4 சதவீத செஸ் வேறு. கூடவே பி.எஃப். பிடித்தமும் ஏறுவதால் கைக்கு வருவது குறையவே செய்யும்.

13.92 லட்சம் பேக்கேஜில் வரி பூஜ்யம். கையில் மாதம் 99,082. 14.69 லட்சத்துக்குப் பேரம் பேசி உயர்த்தினால் கையில் 98,461. முக்கால் லட்சம் அதிகம் வாங்கியும் 600 ரூபாய் குறைவு! அதற்கு மேல்தான் பள்ளம் முடிந்து, கூடுதல் ரூபாய் ஒன்றுக்கு 71 காசு கையில் தங்கத் தொடங்கும். ஒரு லட்சத்தைத் தொட 14.95 லட்சம் தேவை. அதில் வரி மட்டும் சுமார் 77,000. அந்தக் கடைசி 918 ரூபாய்க்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டால், நான் 13.92-லேயே நின்றுவிடுவேன்.

வேறு வழியும் உண்டு. பி.எஃப்.புக்குச் சட்டம் கட்டாயமாக்கும் சம்பள வரம்பு 15,000 ரூபாய். சில நிறுவனங்கள் அந்த வரம்போடு நிறுத்தி மாதம் 1,800 மட்டும் பிடிக்கும். அப்போது அதே ஒரு லட்சத்துக்கு 12.76 லட்சம் பேக்கேஜ் போதும். மொத்தச் சம்பளம் 12.24 லட்சம்தான், வரி எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. ஒரே கைச் சம்பளத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். ஆனால் இதைச் சும்மா கிடைத்த லாபம் என்று நினைத்துவிடக்கூடாது. முதல் ஏற்பாட்டில் இருவர் பங்குமாக ஆண்டுக்குச் சுமார் 1.79 லட்சம் நம் பி.எஃப். கணக்கில் சேரும், இதில் 43,200 மட்டுமே. ஆஃபர் லெட்டரின் இணைப்பில் பி.எஃப். வரியைப் பார்த்தால் எந்த ஏற்பாடு என்று தெரிந்துவிடும். இதையெல்லாம் சேருவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

அதே தாளில் ‘வேரியபிள் பே’ என்று ஒரு வரி இருந்தால், அதைக் கழித்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். அது ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ, அதுவும் முழுதாகவோ குறைத்தோ வரும் பணம். நிறுவனம் கட்டும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தைப் பேக்கேஜில் சேர்த்திருந்தால் அதையும் கழிக்க வேண்டும்.

ஆண்டின் நடுவில் வேலை மாறுகிறவர்களுக்கு முதல் சில மாதங்கள் கணக்கைவிட அதிகமாகவே கைக்கு வரலாம். அக்டோபரில் சேர்ந்தால், புதிய நிறுவனத்துக்குத் தெரிவது ஆறு மாதச் சம்பளம் மட்டுமே. அது வரி எல்லைக்குக் கீழே இருப்பதால் எதுவும் பிடிக்க மாட்டார்கள். பழைய இடத்தில் வாங்கியதை எழுதிக்கொடுக்காமல் விட்டால், ஜூலையில் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது இரண்டு சம்பளமும் ஒன்றாகக் கூடும். எல்லையைத் தாண்டிய வரியை அப்போது வட்டியோடு சேர்த்துக் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.