‘ஒரிஜினல்’னு பில், உள்ளே காப்பி டிஸ்ப்ளே: பணத்தைத் திரும்பக் கேட்டு எப்படி லெட்டர் எழுதணும்?

நம்ம சேனல் பார்க்கிற ஒரு ஐடி ஊழியர் தன்னோட ஐபோன் 12-க்கு டிஸ்ப்ளே மாத்தினார். பில்லில் ‘ஒரிஜினல் டிஸ்ப்ளே ₹10,000, ஜிஎஸ்டி 18% ₹1,800, மொத்தம் ₹11,800’னு இருக்கு. வீட்டுக்கு வந்து பார்த்தா கலர் வெளிறித் தெரியுது. கடையில் கேட்டா, “ரெண்டு நாள்ல செட் ஆயிடும் சார்”னு பதில். டிஸ்ப்ளே என்ன இட்லி மாவா, ரெண்டு நாள் வெச்சா சரியாக?

சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி ஆதாரம் வேணும். ஐபோன் 12-ல் `Settings > General > About` போங்க. iOS 15.2-க்கு மேல இருந்தா, பார்ட் மாத்தின போனில் `Parts and Service History` காட்டும். இவருக்கு டிஸ்ப்ளே பக்கத்தில் `Unknown Part`னு வந்தது. ஆனா இதை மட்டும் வெச்சு ‘போலி’ன்னு சொல்லிட முடியாது. வேற போனிலிருந்து கழட்டின ஒரிஜினல் பார்ட்டோ, சரியா செட்டப் முடிக்காத பார்ட்டோ கூட அப்படி வரலாம்.

அதனால இன்னொரு டெஸ்ட். இருட்டு அறையில் முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து பிரைட்னஸை ஏத்துங்க. ஐபோன் 12-ல் வர்றது ஓஎல்இடி. கறுப்பு இருக்கிற இடத்தில் வெளிச்சமே இருக்காது. மலிவான எல்சிடி காப்பியில் பின்னாடி லைட் எரியும், திரை முழுக்கச் சாம்பலாத் தெரியும். இவருக்கு அப்படித்தான் தெரிஞ்சது. அதுக்கப்புறம் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் காட்டி, ‘இது கம்பெனி டிஸ்ப்ளே இல்லை’ன்னு ஜாப் ஷீட்டில் எழுதி வாங்கினார். வேற எந்தக் கடையிலும் போனைத் திறக்கவிடலை. திறந்திருந்தா, “அவங்கதான் மாத்திட்டாங்க”ன்னு முதல் கடை ஈஸியா கை கழுவியிருக்கும்.

லெட்டரை யார் பேருக்கு எழுதறது? போர்டில் இருக்கிற பேர் பெரும்பாலும் வியாபாரப் பேர்தான். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் `Search Taxpayer`-ல் போட்டா சட்டப்படியான பேர் வரும். அந்தப் பேருக்கு எழுதுங்க. இவர் அனுப்பின லெட்டரின் மையப் பகுதி இது:

“தங்கள் கடையில் என் கைபேசிக்கு ஒரிஜினல் டிஸ்ப்ளே பொருத்தியதாக ₹11,800-க்கு பில் தந்துள்ளீர்கள். பொருத்தப்பட்டது ஒரிஜினல் அல்ல என்பதற்கான திரைப்படங்களையும் சர்வீஸ் சென்டர் ஜாப் ஷீட்டையும் இணைத்துள்ளேன். போலிப் பொருளை ஒரிஜினல் என விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை ஆகும். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் ஒரிஜினல் டிஸ்ப்ளேவைக் கூடுதல் கட்டணமின்றிப் பொருத்தித் தாருங்கள். இயலாவிடில் டிஸ்ப்ளேவைப் பெற்றுக்கொண்டு ₹11,800-ஐத் திருப்பித் தாருங்கள். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.”

கூடவே பில் எண், தேதி, ஐஎம்இஐ எண். ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு பிரதி, வாட்ஸ்அப்பில் ஒரு பிரதி. மன உளைச்சலுக்கு ஒரு லட்சம்னெல்லாம் இந்த லெட்டரில் கேட்காதீங்க. கடைக்காரர் உடனே கொடுக்கக்கூடிய தொகையைக் கேட்டாதான் விஷயம் நகரும்.

கடை முதல்ல காட்டினது பில்லின் அடியில் இருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ங்கிற வரி. இது செல்லாது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள்ளயோ, அப்படி எதுவும் சொல்லலைன்னா 30 நாளுக்குள்ளயோ திரும்ப எடுத்துப் பணம் தர மறுக்கிறதையே அதே சட்டத்தின் 2(47) பிரிவு நியாயமற்ற வணிக நடைமுறைன்னு சொல்லுது.

அடுத்து, “மூவாயிரம் வாங்கிக்கோங்க, முடிச்சுக்கலாம்”னாங்க. இவர் மறுத்துட்டு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு பண்ணினார். அங்கே சமரசம்தான் பேசுவாங்க, உத்தரவு போட முடியாது. உத்தரவு வேணும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடியிருக்கிற ஊரிலோ வேலை செய்யற ஊரிலோ போடலாம். ஐந்து லட்சம் வரைக்கும் கொடுத்த தொகைக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த இரண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

இவருக்கு அந்த அளவு போகலை. புகார் எண்ணை அனுப்பினதும் கடை இறங்கி வந்தது. ஆனா ₹10,000 மட்டும்தானாம், “ஜிஎஸ்டியை கவர்ன்மென்ட்டுக்குக் கட்டிட்டோம் சார், அது வராது.” இங்கதான் என்கிட்ட கேட்டார். பொருள் திரும்ப வந்தாலோ குறைபாடு இருந்தாலோ, சிஜிஎஸ்டி சட்டம் 34-ம் பிரிவுப்படி கடை கிரெடிட் நோட் போட்டு அந்த வரியைத் தன் கணக்கில் குறைச்சுக்கலாம். அந்த நிதியாண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30 வரைக்கும் அதுக்கு டைம் இருக்கு. இதை ஒரே வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். கடையோட ஆடிட்டர் சொல்லியிருப்பார் போல. மறுநாள் முழு ₹11,800-ம் யுபிஐயில் வந்துடுச்சு, கிரெடிட் நோட்டோட.