உடைய வேண்டிய இடத்தில் உடையும் கண்ணாடி

2025 அக்டோபரில் கர்னூல் அருகே ஒரு தனியார் பேருந்து தீப்பிடித்தபோது, உயிர் தப்பியவர்கள் பலர் ஜன்னலை உடைத்துத்தான் வெளியே வந்தார்கள். திருப்பதி, சித்தூர் வழியாக இரவில் ஓடும் ஏசி பேருந்துகளிலும் ஜன்னலருகே ஒரு சிறிய சுத்தியல் மாட்டியிருக்கும். முஷ்டியால் எவ்வளவு குத்தினாலும் அசையாத கண்ணாடி, சுத்தியலின் கூர்முனை பட்டதும் முழுவதுமாகப் பொடிந்து விழுகிறது. அது கண்ணாடியின் பலவீனம் அல்ல. அதைத் தயாரிக்கும்போதே உள்ளே அடைத்து வைத்த தகைவு அப்போது விடுபடுகிறது.

சாதாரணக் கண்ணாடியை முதலில் வேண்டிய அளவில் வெட்டி, விளிம்பைத் தேய்த்து, துளையும் போட்டுவிடுவார்கள். பிறகு உலையில் சுமார் 620 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் கண்ணாடி உருகி ஓடாது, ஆனால் இளகியிருக்கும். வெளியே வந்ததும் இரு பக்கமும் வரிசையான குழாய்முனைகளிலிருந்து காற்று சீறி அடிக்கும். சில நொடிகளில் மேற்பரப்பு இறுகிவிடும்.

மேற்பரப்பு வேகமாகக் குளிர்ந்து சுருங்குவதால் அங்கே அமுக்கம் உண்டாகிறது என்று பலர் விளக்குகிறார்கள். அது பாதி விளக்கம்தான்; அதோடு நிறுத்தினால் தலைகீழாகப் புரியும். முதல் நொடிகளில் சுருங்க முயலும் மேற்பரப்பில் உண்டாவது இழுவை. ஆனால் நடுப்பகுதி இன்னும் இளகியிருப்பதால் வளைந்து கொடுக்கிறது. அந்த இழுவை பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. தகைவு நிலைப்பது அதற்குப் பிறகுதான். மேற்பரப்பு ஏற்கெனவே இறுகிவிட்டது. நடுப்பகுதி அதைவிட நூறு டிகிரிக்கும் மேலான சூட்டில் இருக்கிறது. இரண்டும் அறை வெப்பத்துக்கு வர வேண்டும் என்றால் நடுப்பகுதிதான் அதிகம் சுருங்கியாக வேண்டும். இறுகிப்போன மேற்பரப்பு அதை விடுவதில்லை. எனவே நடுப்பகுதி இழுபட்ட நிலையிலும், மேற்பரப்பு அமுங்கிய நிலையிலும் நிரந்தரமாக நின்றுவிடுகின்றன. இதுவே எஞ்சிய தகைவு. இளகும் அளவுக்குச் சூடேறாத கண்ணாடிமேல் அதே காற்றை அடித்தால் இழுவை கரைய வழியில்லை. கண்ணாடி அங்கேயே வெடித்துவிடலாம்.

4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். மேற்பரப்பில் 100 மெகாபாஸ்கல் அமுக்கம் இருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன். நடுவில் இழுவை அதில் பாதி, 50 மெகாபாஸ்கல். தடிமனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.8 மில்லிமீட்டர் ஆழம் வரை ஒவ்வொரு பக்கமும் அமுக்கம் நீடிக்கும்.

கண்ணாடி உடைவது மேற்பரப்பில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத கீறல்களை இழுவை பிளப்பதால். முஷ்டி குத்தும்போது கண்ணாடி வளைந்து மறுபக்கத்தில் இழுவை பிறக்கும். ஆனால் அது முதலில் அங்குள்ள 100 மெகாபாஸ்கல் அமுக்கத்தைத் தாண்டியாக வேண்டும். அதுவரை கீறல்கள் மூடியே கிடக்கும். சுத்தியலின் கூர்முனையோ ஒரு புள்ளியில் 0.8 மில்லிமீட்டரைத் துளைத்துவிடுகிறது. விரிசல் இழுவைப் பகுதியைத் தொட்டதும் அடைபட்ட ஆற்றலே அதை ஓட்டுகிறது. நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டர் வேகத்தில், கிளை கிளையாகப் பிரிந்தபடி அது ஓடும். தகைவு கூடினால் துண்டு சிறுக்கும். அதனால்தான் 5 சென்டிமீட்டர் சதுரத்தில் எத்தனை துண்டுகள் என்று எண்ணியே தரத்தைச் சோதிக்கிறார்கள்; ஐரோப்பிய வாகன விதி குறைந்தது 40 துண்டுகள் கேட்கிறது. சுத்தியலை நடுவில் அடிக்காமல் மூலையருகே அடியுங்கள். நடுவில் கண்ணாடி வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும்.

திருப்பதியின் கோடையில் கடைக் கண்ணாடிக் கதவு யாரும் தொடாமல் நொறுங்கினால் வெயிலைக் குறை சொல்வார்கள். இப்படிச் சூடாக்கிக் காற்றடித்து இறுக்கிய டஃபன்ட் கண்ணாடி சுமார் 200 டிகிரி வெப்ப வேறுபாட்டைத் தாங்கும். வெயில் மட்டும் அதை உடைக்காது. பெரும்பாலும் பொருத்தும்போது விளிம்பில் பட்ட அடியே காரணம். அபூர்வமாக, உள்ளே சிக்கிய நிக்கல் சல்பைடு துகளாக இருக்கலாம். திடீர்க் குளிர்ச்சியில் அது உயர்வெப்ப வடிவத்திலேயே உறைந்துபோய், பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மெல்லப் பருத்து, இழுவைப் பகுதியிலேயே விரிசலைத் தொடங்கிவைக்கும். உடைந்த இடத்தில் பட்டாம்பூச்சி இறக்கைபோல் இரண்டு பெரிய துண்டுகள் கிடந்தால் அதைச் சந்தேகிக்கலாம். பெரிய கட்டடங்களுக்கான கண்ணாடியைச் சில மணி நேரம் மீண்டும் சூட்டில் வைத்து, உடைவதை ஆலையிலேயே உடையவிடுவது இதற்காகத்தான்.

போலராய்டு கண்ணாடி அணிந்து, காலையிலோ மாலையிலோ நின்றிருக்கும் பேருந்தின் ஜன்னலைப் பாருங்கள். வரிசையாகக் கருமையான திட்டுகள் தெரியலாம். காற்றுக் குழாய்கள் விட்ட தடம் அது. முன்கண்ணாடியில் இது பொதுவாகத் தெரியாது. அது நடுவே நெகிழித் தாள் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. உடைந்தாலும் ஓட்டுநரின் பார்வையை முழுதாக மறைக்காமல் ஒட்டியே நிற்கும். எந்தச் சுத்தியலும் அதைப் பொடியாக்காது. எனவே இருக்கையில் அமர்ந்ததும் ஜன்னல் மூலையில் பொறித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள்: டெம்பர்ட் அல்லது டஃபன்ட் என்றிருந்தால் சுத்தியல் உதவும், லேமினேட்டட் என்றிருந்தால் அவசரக் கதவு எங்கே என்று பார்த்துவையுங்கள்.