1.163: கண்ணில் படாத வெப்பக் கணக்குப் பிழை

மணிக்கு 10,000 கிலோ தண்ணீரை 45 டிகிரி செல்சியஸிலிருந்து 35 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆலைகளில் இதற்குத் தட்டு வகை வெப்பப் பரிமாற்றியை வைப்பார்கள். மெல்லிய எஃகுத் தகடுகள் வரிசையாக இறுக்கப்பட்டிருக்கும். தகட்டின் ஒரு பக்கம் சூடான நீர் ஓடும். மறுபக்கம் குளிர்ந்த நீர் எதிர்த்திசையில் ஓடும். இரண்டும் கலப்பதில்லை, வெப்பம் மட்டும் கைமாறுகிறது. மணிக்கு எவ்வளவு வெப்பம் கைமாற வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் 'டியூட்டி' என்பார்கள். அதை எந்த அலகில் எழுதுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் ஒரு கிலோகலோரி. ஆகவே நம் கணக்கு மனதிலேயே முடிந்துவிடும்: 10,000 கிலோவை 10 டிகிரியால் பெருக்கினால் மணிக்கு 1,00,000 கிலோகலோரி. பழைய இந்திய, ஐரோப்பிய வரைபடங்களில் இந்த அலகு நிறையவே தென்படக் காரணம் இந்தச் சௌகரியம்தான்.

பிடியு என்ற பிரிட்டிஷ் வெப்ப அலகும் இதே யோசனையில் பிறந்தது. ஒரு பவுண்டு தண்ணீர், ஒரு டிகிரி ஃபாரன்ஹீட். 10,000 கிலோ என்பது 22,046 பவுண்டு. 10 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் என்பது 18 டிகிரி ஃபாரன்ஹீட். பெருக்கினால் மணிக்குச் சுமார் 3,96,800 பிடியு. இங்கே புதியவர்கள் சறுக்குவது வழக்கம். வெப்பநிலையை மாற்றும்போது 32 கூட்டுவோமே, அந்தப் பழக்கத்தில் 10 டிகிரி வித்தியாசத்தை 50 ஃபாரன்ஹீட் ஆக்கிவிடுவார்கள். வித்தியாசத்தை 1.8 ஆல் பெருக்கினால் போதும்; 32 சேரக் கூடாது.

வாட்டில் எழுத, நொடிக்கணக்குக்கு வர வேண்டும். மணிக்கு 10,000 கிலோ என்றால் நொடிக்கு 2.778 கிலோ. தண்ணீரின் தன்வெப்பம் 4.187 கிலோஜூல். இரண்டையும் 10 டிகிரியோடு பெருக்கினால் 116.3 கிலோவாட். மூன்றும் ஒரே வெப்பம்தான். மணிக்கு ஒரு கிலோகலோரி என்பது 1.163 வாட், ஒரு வாட் என்பது மணிக்கு 3.412 பிடியு. இந்த இரண்டு எண்கள் நினைவில் இருந்தால் மற்றதைத் தருவித்துக்கொள்ளலாம். வீட்டு ஏசியின் ஒன்றரை டன், அதாவது மணிக்கு 18,000 பிடியு, சுமார் 5,275 வாட் என்பதும் இதே வழியில் கிடைப்பதுதான். அது அறையிலிருந்து வெளியேற்றப்படும் வெப்பம்; மின்மீட்டரில் ஓடும் வாட் வேறு.

இவற்றில் நான் மிகவும் அஞ்சுவது 1.163 என்ற சின்ன எண்ணைத்தான். 3.412 மடங்கு தவறினால் பரிமாற்றி அபத்தமான அளவில் வந்து நிற்கும், யாராவது கேட்டுவிடுவார்கள். 3,600 மடங்கு தவறினால் கேட்கவே வேண்டாம். 16 சதவீத வித்தியாசம் அப்படிக் கண்ணை உறுத்தாது.

நம் பரிமாற்றியில் குளிர்ந்த நீரும் மணிக்கு 10,000 கிலோ, 29 டிகிரியில் நுழைந்து 39 டிகிரியில் வெளியேறுகிறது என்போம். இரு முனைகளிலும் இடைவெளி 6 டிகிரி. தகட்டின் வெப்பக் கடத்துதிறன் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 3,000 வாட். 1,16,300 ஐ 3,000 ஆலும் 6 ஆலும் வகுத்தால் 6.46 சதுர மீட்டர் பரப்பு தேவை. டியூட்டி பழைய தாளிலிருந்து 1,00,000 என்று வந்து, அலகைப் பார்க்காமல் அதையே வகுத்துவிட்டால் 5.56 சதுர மீட்டர் வரும். இரண்டு விடைகளுமே நம்பும்படியாக இருக்கின்றன.

அந்தச் சிறிய பரிமாற்றியை மாட்டினால் தண்ணீர் 35 டிகிரிக்குப் பதிலாக 35.6 டிகிரியில் வெளியே வரும். பரப்பு 14 சதவீதம் குறைந்தும் வெப்பம் 6 சதவீதம்தான் குறைகிறது, ஏனென்றால் குளிர்ச்சி குறையும்போது இரு நீர்களுக்கும் இடையிலான இடைவெளி கொஞ்சம் விரிந்து ஈடுகட்டுகிறது. பொதுவாக உடனே தகட்டில் படிவு என்று முடிவுகட்டி, கழற்றிக் கழுவச் சொல்வார்கள். படிவு நாளாக ஆகத்தான் வளரும். முதல் நாளிலிருந்தே, தகடுகள் புதிதாக இருக்கும்போதே, ஓட்டமும் நுழைவு வெப்பநிலையும் சரியாக இருந்தும் குறை தெரிந்தால் கணக்குத் தாளைப் பார்ப்பது நல்லது.

பாதுகாப்புக்காகப் பரப்பைக் கூட்டி வைக்கும் வழக்கம் இந்தப் பிழையை இன்னும் ஆழமாக மறைக்கிறது. 5.56 மீது 15 சதவீதம் கூட்டினால் 6.39 சதுர மீட்டர். தொடக்க நாளில் தண்ணீர் 35.04 டிகிரியில் வரும். சாதாரண வெப்பமானி அந்த வித்தியாசத்தைக் காட்டாது. படிவுக்காக வைத்த இருப்பு முழுவதும் முதல் நாளே செலவாகிவிட்டது என்பதோ, சில மாதங்களில் மெல்லிய படிவு சேர்ந்ததும் வெளிவரும் நீர் சூடாவதோ இந்தத் தாளோடு தொடர்புபடுத்தப்படுவதே இல்லை. கண்டுபிடிக்க வழி உண்டு: கூட்டிய சதவீதத்தைக் கழித்துவிட்டு மிஞ்சும் பரப்பை, வாட்டிலேயே புதிதாகப் போட்ட கணக்கின் பரப்பால் வகுத்துப் பார்க்க வேண்டும். விடை 0.86 க்கு மிக அருகில் வந்தால், பெரும்பாலும் மணிக்கணக்குக் கிலோகலோரி ஒன்று வாட்டின் இடத்தில் உட்கார்ந்திருக்கும்.