கன்க்ளூஷனை ‘எடுக்க’ முடியாது

தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழிப் பட்டப்படிப்பில் சேரும் மாணவர்கள் பலர் ஒரு சொற்பட்டியலோடு வருகிறார்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். டெசிஷன், கன்க்ளூஷன், ரிசல்ட் மூன்றுக்கும் எதிரே ‘முடிவு’ என்றே இருக்கும். நாம் முடிவை ‘எடுப்பவர்கள்’ ஆயிற்றே! அந்தப் பழக்கத்தில் விடைத்தாளில் ‘டேக் எ கன்க்ளூஷன்’ என்று எழுதிவிடுகிறார்கள். டெசிஷனை எடுக்கலாம், கன்க்ளூஷனை எடுக்க முடியாது. அதற்கு ‘டிரா’ வேண்டும், அல்லது ‘ரீச்’ வேண்டும். பொருளை எத்தனை முறை உருப்போட்டாலும் இந்த வினைச்சொல் கூடவே வந்துவிடாது.

கல்விசார்ந்த ஆங்கிலத்துக்கென நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட பட்டியல் புகழ்பெற்றது. சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட பாடநூல், கட்டுரைத் தொகுப்பிலிருந்து அவர் தேர்ந்தெடுத்தவை 570. அவை தனிச்சொற்கள் அல்ல, சொற்குடும்பங்கள். பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். ‘கன்க்ளூட்’ என்ற ஒரே பதிவுக்குள் கன்க்ளூஷன், கன்க்ளூசிவ், கன்க்ளூசிவ்லி, இன்கன்க்ளூசிவ் எல்லாம் அடக்கம். 570 தலைச்சொற்களை மட்டும் மனப்பாடம் செய்தால் அந்தப் பட்டியலும் பழைய பட்டியலாகவே ஆகிவிடும்.

ஒரு உறுப்பினரைத் தெரிந்தால் குடும்பமே தெரிந்துவிடும் என்றும் நம்பக்கூடாது. நார்பர்ட் ஷ்மிட்டும் செரில் ஜிம்மர்மனும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பயில்வோருக்கு வினையும் பெயரும் ஓரளவு கைவந்தன. பெயரடையிலும் வினையடையிலும்தான் அதிகம் தடுமாறினார்கள்.

ஆகவே நோட்டுப் புத்தகத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நடுவில் ‘கன்க்ளூட்’. சுற்றிலும் அதன் வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது யாரோடு வருகிறது என்ற குறிப்பு. வினைக்குப் பின்னால் ‘தட்’ வரும். பெயருக்கு முன்னால் ‘டிரா’ வரும்; எதிலிருந்து முடிவுக்கு வந்தோம் என்று சொல்ல ‘ஃப்ரம்’ வரும். ‘கன்க்ளூசிவ்’ பெரும்பாலும் எவிடென்ஸ், ப்ரூஃப் ஆகியவற்றோடு வரும். ‘இன்கன்க்ளூசிவ்’ ரிசல்ட்ஸோடு வரும். இந்தச் சேர்க்கைகளை நீங்களாகக் கற்பனை செய்யாதீர்கள். உங்கள் பாடநூலில் கண்ணில் பட்ட வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். வேதியியல் மாணவருக்கும் வரலாற்று மாணவருக்கும் பக்கங்கள் வேறுபடும். வேறுபடத்தான் வேண்டும்.

அகராதியில் இருக்கிறதே என்பதற்காக அபூர்வமான வடிவங்களையும் சேர்த்தால் பக்கம் நிரம்பிப் பட்டியலாகிவிடும். உங்கள் பாடத்தில் இரண்டு முறையாவது பார்த்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்துத் துணைச்சொற்களை மறைத்துவிட்டு, கன்க்ளூஷனுக்கு முன்னால் என்ன வரும் என்று எழுதிப்பாருங்கள். கை ‘டேக்’ பக்கம் போனால் அந்தச் சொல் இன்னும் உங்களுடையதாகவில்லை. பிறகு ஒரே கருத்தை வினையாலும் பெயராலும் பெயரடையாலும் மூன்று வாக்கியங்களாக எழுதுங்கள். மூன்றாவது வாக்கியத்தில் பலர் நின்றுவிடுவார்கள். அடுத்த வாரம் அந்தப் பெயரடையிலிருந்தே தொடங்கலாம்.