ஃபிரிட்ஜின் பக்கச் சுவர் ஏன் சுடுகிறது?

புது ஃபிரிட்ஜ் வாங்கியவர்கள் பலர் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது: "பக்கச் சுவரெல்லாம் சுடுதே, ஏதாவது கோளாறா?" கோளாறு இல்லை. ஃபிரிட்ஜ் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அந்தச் சூடுதான் அடையாளம். பாலிலும் காய்கறியிலும் இருந்த வெப்பம், கதவைத் திறந்தபோது உள்ளே புகுந்த காற்றின் வெப்பம் எல்லாம் அந்த வழியாகத்தான் சமையலறைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது.

ஆனால் வெப்பம் தானாகப் போவது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான். சித்திரை மாதத்தில் சமையலறை 35 டிகிரி செல்சியஸ் இருக்கும். ஃப்ரீசருக்குள்ளே மைனஸ் 15 டிகிரி. அவ்வளவு குளிர்ந்த இடத்திலிருந்து இவ்வளவு சூடான இடத்துக்கு வெப்பத்தை எப்படி ஏற்றுவது?

பிரஷர் குக்கரில் இதற்கு விடை இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. குக்கரில் அழுத்தம் ஏறுவதால் 120 டிகிரி அளவுக்குப் போன பிறகுதான் கொதிக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறும், குறைந்தால் இறங்கும். இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. அந்த ஆவி மறுபடி திரவமாகும்போது வெப்பத்தை வெளியே விட்டுவிடுகிறது.

இன்று விற்கும் வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இந்த வேலையைச் செய்வது ஐசோபியூட்டேன் என்ற வாயு. ஃபிரிட்ஜின் பின்புற ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று போட்டிருப்பார்கள். சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 12 டிகிரியில் கொதிக்கும். அழுத்தத்தை அதில் ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தால் மைனஸ் 25 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். ஏழு மடங்காக உயர்த்தினால் 50 டிகிரிச் சூட்டிலேயே திரவமாகிவிடும். ஒரே வாயுவை ஓரிடத்தில் ஃப்ரீசரைவிடக் குளிர்ச்சியாகவும், இன்னோரிடத்தில் சமையலறையைவிடச் சூடாகவும் வைத்துக்கொள்ள முடிகிறது. இரண்டு இடத்திலும் வெப்பம் தன் இயல்புப்படியே போகிறது.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்றில் இந்த வாயுவைப் பின்தொடர்வோம். கீழே பின்பக்கம் கறுப்பாகக் குண்டு போல இருப்பது கம்ப்ரஸர். அதற்குள் மோட்டாரும் பிஸ்டனும் இருக்கின்றன. ஃப்ரீசரிலிருந்து திரும்பி வரும் ஆவியை உறிஞ்சி, அழுத்தி, சூடேற்றி மறுபக்கம் அனுப்புகிறது. மின்சாரத்தில் பெரும்பகுதி செலவாவது இங்கேதான்.

அடுத்து அது போவது கண்டென்சருக்கு. பழைய மாடல்களில் முதுகில் கறுப்புக் கம்பிவலை போலத் தெரியும். புதியவற்றில் பலவற்றில் பக்கத் தகட்டுக்கு உள்ளே மறைத்து வைத்திருக்கிறார்கள். குழாயில் 50 டிகிரி, வெளிக்காற்றில் 35 டிகிரி என்பதால் வெப்பம் வெளியே போகிறது. ஆவி கொஞ்சம் கொஞ்சமாகத் திரவமாகிறது. தொட்டுப் பார்த்தால் ஆவி நுழையும் முனை நன்றாகச் சுடும், திரவம் வெளியேறும் முனை வெதுவெதுப்பாக இருக்கும்.

இப்போது அந்த அழுத்தத்தை இறக்க வேண்டும். அதற்குத்தான் கேப்பிலரி. துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான, சில மீட்டர் நீளமுள்ள செப்புக் குழாய் அது. அசையும் பாகம் எதுவும் அதில் இல்லை. அவ்வளவு மெல்லிய துளைக்குள் நெருக்கிக்கொண்டு போவதாலேயே திரவத்தின் அழுத்தம் விழுகிறது. மறுமுனையில் வெளிவந்ததும் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உடனே கொதித்து ஆவியாகிறது. கொதிக்கத் தேவையான வெப்பத்தை அது தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்வதால் மொத்தமும் மைனஸ் 25 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

மீதித் திரவம் எவாப்பரேட்டரில் கொதிக்கிறது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசரின் அலுமினியச் சுவரேதான் எவாப்பரேட்டர். வாயு ஓடும் பாதைகள் அந்தத் தகட்டுக்குள்ளேயே இருக்கின்றன. சுவரில் மைனஸ் 25, உள்ளே மைனஸ் 15. அங்கேயும் வெப்பம் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கே போகிறது. கொதித்து முடிந்த ஆவி கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது.

ஒரு கணக்குப் போட்டால் இது தெளிவாகும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 5 டிகிரிக்குக் கொண்டுவர, சுமார் 105 கிலோ ஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஏறக்குறைய அரைக் கிலோ ஐசோபியூட்டேன் எவாப்பரேட்டர் வழியாகப் போயாக வேண்டும். ஃபிரிட்ஜில் இருப்பதோ 50 கிராம் அளவு. ஆக, ஒரு பாட்டில் தண்ணீருக்காக அதே வாயு பத்து முறை சுற்றி வருகிறது. கம்ப்ரஸர் இதற்கு 70 கிலோ ஜூல் மின்சாரம் எடுத்துக்கொண்டால், சமையலறைக்கு வந்து சேரும் வெப்பம் 175 கிலோ ஜூல். உள்ளிருந்து எடுத்ததும், எடுக்கச் செலவழித்ததும் இரண்டுமே வெளியே வருகின்றன. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிராமல் மேலும் சூடாவது இதனால்தான்.

இந்தச் சுற்று புரிந்தால் கோளாறுகளும் பிடிபடும். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுகிறது, கண்டென்சரில் சூடே இல்லை, ஃப்ரீசரில் ஒரு மூலையில் மட்டும் பனி படிகிறது என்றால், பெரும்பாலும் எங்கோ கசிந்து கேஸ் குறைந்திருக்கும். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் போட்டால் சில நாளில் அதே தொல்லை திரும்பும். சிறிது நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு குளிர் நின்று, அணைத்து வைத்துப் போட்டால் மறுபடி குளிர்கிறதா? வாயுவில் கலந்த ஈரம் கேப்பிலரியின் முனையில் பனிக்கட்டியாகி அடைத்திருக்கலாம். மெக்கானிக்குகள் இதைத்தான் சோக் என்கிறார்கள். ஈரத்தைப் பிடிக்க கேப்பிலரிக்கு முன்னால் ஃபில்டர் டிரையர் ஒன்று உண்டு. குழாயைத் திறந்து வேலை செய்யும்போதெல்லாம் அதை மாற்றச் சொல்ல வேண்டும்.

மின்சாரம் போய் உடனே திரும்பும்போதும் இந்தக் கேப்பிலரிதான் கவனத்துக்கு வரும். கம்ப்ரஸர் நின்றதும் ஒரு பக்கத்து அழுத்தம் கேப்பிலரி வழியாக மெதுவாக மறுபக்கம் கசிந்து சமமாகும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஓட்டினால், எதிரே நிற்கும் முழு அழுத்தத்தையும் தள்ள முடியாமல் மோட்டார் திணறி, 'டிக்' என்ற சத்தத்தோடு அதன் பாதுகாப்பு சுவிட்ச் துண்டித்துவிடும். அதனால் ஐந்து நிமிடம் கழித்துப் போடுவது நல்லது.

ஃப்ரீசரில் உறைந்ததைக் கத்தியால் குத்தி எடுப்பது ஆபத்து. மெல்லிய அலுமினியச் சுவர் ஓட்டையானால் கேஸ் போய்விடும், ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடியதும்கூட. அணைத்து வைத்துப் பனியை உருகவிடுங்கள். ஃபிரிட்ஜை அடுப்பருகிலோ சுவரோடு ஒட்டியோ வைத்தால், அதைச் சுற்றியுள்ள காற்று 45 டிகிரிக்கு ஏறும். அப்போது வெப்பத்தை வெளியேற்ற, கண்டென்சர் 60 டிகிரிக்குப் போக வேண்டியிருக்கும். அதற்குக் கம்ப்ரஸர் இன்னும் அதிகமாக அழுத்த வேண்டும். பயனர் கையேட்டில் சொல்லியிருக்கும் இடைவெளியை விட்டு, முதுகில் கம்பிவலை இருந்தால் அவ்வப்போது அதன் தூசியையும் தட்டிவிட்டால், குளிரும் குறையாது, கரண்ட் பில்லும் வீணாக ஏறாது.